ஃபோட்டோவில் உள்ள பிளாக் டயகிராம்: ஒரே படம், ரெண்டு விடை. எது சரி?

கடைசி_பெஞ்ச்

நண்பனோட நோட்டை மொபைலில் எடுத்த ஃபோட்டோவை இணைச்சிருக்கேன். வலது பக்கம் மடிப்பில் விழுந்து மங்கலா இருக்கு, மன்னிக்கணும். ஃபோட்டோ திறக்காதவங்களுக்காகப் படத்தில் இருப்பதை எழுதிடறேன்.

இடமிருந்து R(s), முதல் சம்மிங் பாயிண்ட், 20 என்ற பெட்டி, ரெண்டாவது சம்மிங் பாயிண்ட், 1/(s+2), அப்புறம் 1/s, கடைசியில் C(s). C(s)-இலிருந்து ஒரு கோடு அடிவழியா முதல் சம்மிங்குக்குத் திரும்புது. அங்கே மைனஸ் தெளிவா இருக்கு. நடுவில் 2 என்று ஒரு பெட்டி, அதன் மேல் பென்சிலில் "டேகோ" என்று எழுதியிருக்கு. அது ரெண்டாவது சம்மிங்குக்குப் போகுது, ஆனா அங்கே பிளஸ்ஸா மைனஸ்ஸா தெரியல. அந்தக் கோடு 1/s பெட்டிக்கு முன்னால கிளம்புதா, பின்னால கிளம்புதா என்பதும் மடிப்பில் மறைஞ்சிருக்கு.

கேள்வி: C/R-ஐ ஒரே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனாகக் குறைத்து, யூனிட் ஸ்டெப்புக்கு டாம்பிங் ரேஷியோவும் செட்டிலிங் டைமும் சொல்லணும்.

எனக்கு வந்தது 20/(s²+2s+22), ζ = 0.21, செட்டிலிங் 4 விநாடி. நண்பனுக்கு 20/(s²+4s+20), ζ = 0.447, செட்டிலிங் 2 விநாடி. ரெண்டு பேரும் மூணு தடவை சரிபார்த்துட்டோம். எங்கே தப்பு?

---

வரைகோடு

கணக்கில் தப்பே இல்லை. நீங்கள் இருவரும் வெவ்வேறு படத்தைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

நண்பர் டேகோ கோட்டை 1/s-க்கு முன்னால் எடுத்திருக்கிறார். உள் லூப் 1/(s+2), ஃபீட்பேக் 2, மைனஸ். அது 1/(s+2+2), அதாவது 1/(s+4) ஆகிறது. அதற்கு முன்னால் 20, பின்னால் 1/s, வெளியே முழு ஃபீட்பேக்: 20/(s²+4s+20).

நீங்கள் அதே கோட்டை 1/s-க்குப் பிறகு, C-இலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். உள் லூப் 1/(s²+2s+2) ஆகிறது, வெளி லூப்பை மூடினால் உங்கள் விடை வருகிறது. இந்த வாசிப்பில் உள் லூப் s-இன் கெழுவைத் தொடவே இல்லை, 2s அப்படியே இருக்கிறது. மாறிலியைத்தான் 20-இலிருந்து 22 ஆக்கியது. அதாவது அந்த லூப் டாம்பிங்குக்கு ஒன்றும் செய்யவில்லை, ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் விறைப்பாக்கியது.

எது சரி என்று படத்திலிருந்தே முடிவு செய்ய வேண்டும். "டேகோ" என்று எழுதியிருப்பது பெரிய துப்பு. டேகோ ஜெனரேட்டர் தருவது வேகத்துக்கு ஏற்ற வோல்டேஜ். இந்தப் படத்தில் C என்பது நிலை என்றால், வேகம் இருக்கும் ஒரே இடம் 1/s-க்கு முன்னால் உள்ள கோடு. நிலையிலிருந்து எடுத்து 2 என்ற வெறும் எண்ணால் பெருக்கினால் அது டேகோ இல்லை, இன்னொரு பொட்டென்ஷியோமீட்டர்.

இன்னொரு சோதனை, s = 0 போட்டுப் பாருங்கள். உங்கள் விடையில் 20/22 = 0.909, அதாவது ஸ்டெப் கொடுத்தால் 1-க்கு வராமல் 0.909-இலேயே நின்றுவிடும். முன்பாதையில் ஒரு இன்டெக்ரேட்டரும் வெளியே முழு ஃபீட்பேக்கும் இருந்தும் பிழை மிச்சம் நிற்கிறது என்றால், அந்த இன்டெக்ரேட்டரை உள் லூப் ஒன்று சுற்றிவளைத்துவிட்டது என்று அர்த்தம். படம் அப்படி வரையப்பட்டிருக்கவும் கூடும், தடையில்லை. ஆனால் நிலை சர்வோவை அப்படி யாரும் வேண்டுமென்றே கட்டுவதில்லை.

கையெழுத்துப் படங்களில் இன்னும் இரண்டு இடங்களில் கண் வைக்க வேண்டும். பின்னக் கோடு குட்டையாக இருந்தால் 1/(s+2) என்பது (1/s)+2 போலத் தெரியும். s என்பது 5 போலவும் தெரியும். 5 என்று படித்தால் ஒரு போல் காணாமல் போய், படம் முதல் ஆர்டரில் வந்து நிற்கும்.

---

பிளஸ்_மைனஸ்

குறி தெரியாதபோது மைனஸ் என்று எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? பிளஸ் போட்டால் உள் லூப் 1/(s+2−2) = 1/s. மொத்தம் 20/(s²+20). ζ = 0. ஆடிக்கொண்டே இருக்கும், செட்டில் ஆகவே ஆகாது. "செட்டிலிங் டைம் இல்லை" என்பதே எதிர்பார்க்கும் விடையாக இருக்கலாமே. 2-க்கு 2 இவ்வளவு கச்சிதமாக அடிபடுவது தற்செயலாகத் தெரியவில்லை.

---

வரைகோடு

நியாயமான சந்தேகம்தான். எண்கள் அடிபடுவது என்னையும் ஒரு கணம் நிறுத்தியது. ஆனால் டேகோவைச் சேர்ப்பதே டாம்பிங் கூட்டத்தான். பிளஸ்ஸில் மாட்டினால் மோட்டாருக்கு இயல்பாக உள்ள டாம்பிங்கையும் தின்றுவிடும். நிஜத்தில் இது டேகோவின் இரண்டு வயர்களும் இடம் மாறிப்போனால் நடக்கும் கோளாறு. அப்போது மோட்டார் ஆடும், அல்லது ஒரே பக்கமாகப் பறக்கும்.

ஃபோட்டோவை வைத்து மட்டும் மைனஸ் என்று சத்தியம் செய்ய முடியாது. விடைத்தாளில் முதல் வரியாக "டேகோ ஃபீட்பேக் 1/s-க்கு முன்னிருந்து, நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

---

கடைசி_பெஞ்ச்

நன்றி அண்ணா. இப்போ இன்னொரு சிக்கல். எங்க சார் "டேக்-ஆஃப் புள்ளியை C-க்கு நகர்த்தி, ரெண்டு ஃபீட்பேக்கையும் சேர்த்துப் போடு" என்றார். நகர்த்திப் பார்த்தேன், s³+2s²+20s+2 என்று வருது. மூணாவது ஆர்டர் ஆயிடுச்சு.

---

மீனா.மு

நகர்த்தும்போது 1/s-ஆல் பெருக்கியிருப்பீங்க, அதான். டேக்-ஆஃப் புள்ளியை ஒரு பெட்டிக்குப் பின்னால கொண்டுபோனா, அந்தக் கிளையில் பெட்டியோட தலைகீழ் வரணும். முன்னால 2 × வேகம் போயிட்டிருந்தது. இப்போ கையில் இருப்பது நிலை. நிலையிலிருந்து அதே வேகத்தைத் திரும்பப் பெறணும்னா s-ஆல் பெருக்கணும். அதனால கிளையில் 2s வரும், 2/s இல்லை.

எனக்கு விதி மனப்பாடமா நிக்கவே நிக்காது. "நகர்த்துவதற்கு முன்னாடி அந்தக் கோட்டின் முனையில் என்ன சிக்னல் வந்ததோ, நகர்த்தின பிறகும் அதே வரணும்" என்று மட்டும் பார்ப்பேன்.

அடுத்து ரெண்டாவது சம்மிங்கை 20-க்கு முன்னால தள்ளுங்க. அந்தக் கிளை இப்போ 20 வழியா வரப்போகுது, அதனால 20-ஆல் வகுக்கணும்: 2s/20 = 0.1s. ரெண்டு சம்மிங்கும் ஒட்டி வந்துட்டதால ஒன்றாச் சேர்த்துடலாம். முன்பாதை 20/(s(s+2)), ஃபீட்பேக் 1 + 0.1s. மூடினா கீழே s²+2s + 20(1+0.1s) = s²+4s+20. நண்பரோட விடையேதான்.

---

வரைகோடு

மீனா சொன்ன வழி சரி. கூடவே ஒன்று: படத்தில் s உள்ள பெட்டிகள் இரண்டே, ஒன்று மோட்டார், மற்றது இன்டெக்ரேட்டர். அப்படியிருக்கக் குறைத்த பிறகு கீழே மூன்றாம் படி வந்தால், எங்கோ இல்லாத இன்டெக்ரேட்டரைப் புகுத்திவிட்டோம் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். விடையைச் சரிபார்க்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை.

இனி டாம்பிங். s²+4s+20 என்பதில் ωn = √20 = 4.47, 2ζωn = 4, ஆகவே ζ = 0.447. போல்கள் −2 ± j4. ஓவர்ஷூட் e^(−π·2/4) = 0.208, அதாவது 20.8 சதவீதம். உச்சம் π/4 = 0.785 விநாடியில். செட்டிலிங் 4/σ = 4/2 = 2 விநாடி.

---

தர்ஷி_யாழ்

மேட்லேப்பில் போட்டுப் பார்த்தன். டாம்பிங், ஓவர்ஷூட் எல்லாம் அச்சொட்டாப் பொருந்துது. செட்டிலிங் மட்டும் 1.87 எண்டு வருது, 2 இல்லை. 5 சதவீதப் பட்டைக்கு 3/σ எண்டால் 1.5 வர வேணும், ஆனா 1.17 தான் வருது. இவ்வளவு வித்தியாசம் ஏன்?

```
s = tf('s');
ul = feedback(1/(s+2), 2);
T  = feedback(20*ul/s, 1)
damp(T)
stepinfo(T)
stepinfo(T,'SettlingTimeThreshold',0.05)
```

---

வரைகோடு

இதை விரிவாகப் பார்ப்பது நல்லது, பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

4/σ என்பது அலையின் செட்டிலிங் இல்லை. அலையை மேலும் கீழும் மூடியிருக்கும் உறை எப்போது 2 சதவீதத்துக்குக் குறுகும் என்பதன் தோராயம். உண்மை அலை அந்த உறையை அங்கங்கே தொட்டுவிட்டு உள்ளேதான் ஓடுகிறது. அதனால் கடைசியாகப் பட்டைக்குள் நுழையும் நேரம் உறையின் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே அமையும்.

இந்த அலையின் உச்சிகளும் பள்ளங்களும் π/4 விநாடிக்கு ஒருமுறை வருகின்றன. முதலாவது 1-க்கு மேலே 20.8 சதவீதம், 0.785-இல். இரண்டாவது 1-க்குக் கீழே 4.3 சதவீதம், 1.571-இல். மூன்றாவது மேலே 0.9 சதவீதம், 2.356-இல். மூன்றாவது உச்சியே 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டாவது பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது 0.98-ஐக் கடக்கும் நேரமே விடை. அதுதான் 1.87.

5 சதவீதப் பட்டையில் கதை மாறுகிறது. இரண்டாவது பள்ளம் 4.3 தானே, அது ஏற்கெனவே பட்டைக்குள் இருக்கிறது. அதனால் முதல் உச்சியிலிருந்து இறங்கும்போது 1.05-ஐக் கடந்த உடனே செட்டில் ஆகிவிட்டது. அது 1.17.

இப்போது 20-ஐ 22 ஆக்கிப் பாருங்கள். σ மாறவில்லை, 2 தான். சூத்திரப்படி 3/σ இன்னும் 1.5. ஆனால் இரண்டாவது பள்ளம் 5.2 சதவீதத்துக்குப் போய்விடும், அதாவது பட்டைக்கு வெளியே. செட்டிலிங் 1.17-இலிருந்து ஏறக்குறைய 1.54-க்குத் தாவும். கெயினில் பத்தில் ஒரு பங்கு மாறியதற்கு நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எந்தப் பட்டை என்று சொல்லாமல் செட்டிலிங் டைமை மட்டும் கொடுத்தால் அந்த எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது.

---

கடைசி_பெஞ்ச்

அப்போ பரீட்சையில் 2 எழுதணுமா, 1.87 எழுதணுமா?

---

மீனா.மு

2 எழுதுங்க, பக்கத்தில் "2% பட்டை, 4/σ" என்று போட்டுடுங்க. கையில் கணக்குப் போடும் கேள்விக்கு 1.87-ஐ யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. ஆனா லேப் ரெக்கார்டில் வரைபடத்திலிருந்து படிச்சு 2 என்று எழுதினா, சூத்திரத்தைப் பார்த்து எழுதினதா தெரிஞ்சுடும்.

---

பிளஸ்_மைனஸ்

எங்கள் பக்கம் 5 சதவீதத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். கேள்வித்தாளில் குறிப்பிடாவிட்டால் இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு.

---

சர்வோகாரர்

இவ்வளவு கணக்கு எதுக்கு தம்பி? சீக்கிரம் செட்டில் ஆகணும்னா டிரைவ்ல பொசிஷன் கெயினை ஏத்துங்க. எங்க மெஷின்ல பேக் ஸ்டாப் மெதுவா வந்துட்டிருந்தது, கெயினை இரட்டிப்பாக்கினதும் சுருக்கா வந்துச்சு. ஆடுச்சுன்னா கொஞ்சம் குறைக்க வேண்டியதுதான்.

---

வரைகோடு

கேள்வி வேகப்படுத்துவது பற்றியது இல்லை என்றாலும், நீங்கள் சொன்னது இந்தப் படத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பது பயன்தான்.

டேகோவின் எண்ணை Kt என்றும், கெயினை K என்றும் வைத்தால் கீழே s² + (2+Kt)s + K. போல்களின் மெய்ப்பகுதி −(2+Kt)/2. அதில் K இல்லவே இல்லை. ஏற்கெனவே ஆடும் நிலையில் இருக்கும் லூப்பில் K-ஐ ஏற்றினால் போல்கள் செங்குத்தாக மேலும் கீழும் விலகும், இடப்பக்கம் நகராது. ஆட்டம் வேகமாகும், ஓவர்ஷூட் கூடும், 4/σ அங்கேயே நிற்கும்.

உங்கள் மெஷினில் முதலில் ஆட்டமே இல்லாமல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்திருக்கும், அதாவது இரண்டு போல்களும் மெய்யச்சில் இருந்திருக்கும். அந்த நிலையில் கெயினை ஏற்றினால் மெதுவான போல் இடப்பக்கம் நகர்ந்து வேகம் கூடும். இந்தப் படத்தில் Kt = 2-ஆக வைத்தால் அது K = 4 வரைக்கும்தான். நாம் இருப்பது 20-இல்.

இங்கே செட்டிலிங் குறைய வேண்டும் என்றால் Kt-ஐத் தொட வேண்டும். ζ = 0.707 வேண்டுமானால் 2+Kt = 2 × 0.707 × 4.47 = 6.32, ஆக Kt = 4.32. σ = 3.16, 4/σ = 1.27 விநாடி, ஓவர்ஷூட் 4.3 சதவீதம்.

---

சர்வோகாரர்

கெயினை ஏத்தி நல்லா வந்தது உண்மைதானே. ஆனா டேகோவை ஏத்தினதும் ஃபாலோயிங் எரர் அலாரம் வந்ததையும் பாத்திருக்கேன். அதுக்கு உங்க படத்துல பதில் இருக்கா?

---

வரைகோடு

இருக்கிறது, நல்ல கேள்வி. ஸ்டெப்புக்குப் பதில் சீராக ஏறும் கட்டளை கொடுத்தால், பின்தங்கல் கட்டளை வேகத்தின் (2+Kt)/K மடங்கு. டேகோவே இல்லாவிட்டால் 0.1. Kt = 2-க்கு 0.2. Kt = 4.32-க்கு 0.316. டாம்பிங்கை டேகோவால் வாங்கினால் அதன் விலை இந்தப் பின்தங்கல். கட்டளை வேகம் விநாடிக்கு 10 அலகு என்றால், நிலை 3.16 அலகு பின்னால் ஓடும். அலாரம் வரம்பு அதற்குக் கீழே இருந்தால் அடித்துத்தான் தீரும்.

---

மீனா.மு

அப்போ அந்த 1 + 0.1s-ஐ ஃபீட்பேக்கில் வைக்காம, முன்பாதையில் 20-உடன் PD-யா வெச்சுடலாமே? கீழே அதே s²+4s+20 தான் வருது. டாம்பிங், செட்டிலிங், ஓவர்ஷூட் எல்லாம் அதே. பின்தங்கலும் 0.1-க்கே திரும்பிடும். டேகோ வாங்கும் செலவும் மிச்சம்.

---

தர்ஷி_யாழ்

பின்தங்கல் 0.1 எண்டது சரிதான். ஆனா ஓவர்ஷூட் அதே இல்லை, மீனா அக்கா. இப்ப போட்டுப் பார்த்தன், 23.4 சதவீதம் வருது. உச்சமும் 0.67 விநாடியிலேயே வந்திட்டுது.

---

வரைகோடு

ஆமாம். கீழ்ப்பகுதி ஒன்றாக இருந்தால் டாம்பிங் ரேஷியோவும் ஆட்ட வேகமும் ஒன்று. அதுவரைக்கும் மீனா சொன்னது சரி. ஆனால் மேலே 20 இருந்த இடத்தில் இப்போது 20 + 2s, −10-இல் ஒரு ஜீரோ. புதிய அலை = பழைய அலை + 0.1 × பழைய அலையின் வேகம். இந்த எண்களுக்குப் பழைய அலை 1 − e^(−2t)(cos 4t + 0.5 sin 4t). வேகத்தைச் சேர்த்ததும் sin பகுதி முழுக்க அடிபட்டு, 1 − e^(−2t) cos 4t மட்டும் மிஞ்சும். அதன் உச்சம் 0.67 விநாடியில், 23.4 சதவீதம்.

ஓவர்ஷூட்டுக்கு நாம் எழுதும் e^(−πζ/√(1−ζ²)) மேலே வெறும் மாறிலி இருந்தால் மட்டும் செல்லும். அதனால் குறைத்து முடித்ததும் கீழ்ப்பகுதிக்குப் பாயாமல் மேல்பகுதியை ஒருமுறை பாருங்கள், அங்கே s இருந்தால் ζ-ஐச் சொல்லலாம், ஓவர்ஷூட்டைச் சூத்திரத்தால் சொல்லக்கூடாது. இங்கே ஜீரோ −10-இல் தள்ளி இருப்பதால் வித்தியாசம் சிறியது. −3-இல் இருந்திருந்தால் ஓவர்ஷூட் எகிறியிருக்கும்.

PD-யில் இன்னொரு தொல்லை. கட்டளை ஸ்டெப்பாகக் குதிக்கும்போது அதன் வகைக்கெழு ஒரு கணத்துக்கு எல்லையில்லாமல் போகும், ஆம்ப்ளிஃபையருக்கு அந்த உதை நேராகப் போய்ச் சேரும். டேகோ வேகத்தை மட்டும் பார்க்கிறது, கட்டளையின் குதிப்பைப் பார்ப்பதில்லை.

---

கடைசி_பெஞ்ச்

ஃபோட்டோவை வெளிச்சத்தில் திரும்ப எடுத்தேன். டேகோ கோட்டில் புள்ளி இருக்கு, 1/s-க்கு முன்னால. நண்பன் சொன்னதே சரி. ஆனா குறி இன்னும் தெரியல, அங்கே ரப்பரால் அழிச்ச தடம்தான் இருக்கு. அப்புறம், அடிவழியா வரும் வெளிக் கோட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கு, முன்னாடி அதை மடிப்புன்னு நினைச்சுட்டேன். உள்ளே 1/(0.05s+1).

---

மீனா.மு

சென்சார் ஃபில்டரா இருக்கும். அதோட போல் −20-இல். நம்ம போல்கள் −2-இல். பத்து மடங்கு தள்ளி இருக்கு, விட்டுடலாம். ஐந்து மடங்குக்கு மேல இருந்தாலே விடலாம்னு தானே விதி.

---

வரைகோடு

அந்த விதி மூடிய லூப்பின் போல்களுக்குச் சொன்னது. லூப்புக்குள் இருக்கும் ஒரு பெட்டியின் போலுக்கு அப்படியே போட முடியாது. போட்டுப் பார்த்துவிடுவோம்.

கீழே s(s+4)(s+20) + 400 = s³ + 24s² + 80s + 400. மேலே 20(s+20). மூன்று மூலங்களில் மெய்யானது −21.1-இல். அதை வகுத்து எடுத்தால் மிச்சம் s² + 2.89s + 18.95. ωn = 4.35, ζ = 0.33, σ = 1.45.

மீனா சொன்ன விதியை இங்கே போட்டால்தான் சரி: −21.1 போல் −1.45-இலிருந்து வெகு தூரம், அதன் பக்கத்திலேயே −20-இல் ஜீரோவும் இருந்து அதன் சத்தத்தை அமுக்கிவிடுகிறது. ஆக இதை இரண்டாம் ஆர்டராக நினைக்கலாம். ஆனால் எந்த இரண்டாம் ஆர்டர் என்பதுதான் விஷயம். ஃபில்டரை முதலிலேயே விட்டுவிட்டால் ζ = 0.447, ஓவர்ஷூட் 21 சதவீதம், 4/σ = 2. மூடிய பிறகு விட்டால் ζ = 0.33, ஓவர்ஷூட் ஏறக்குறைய 33 சதவீதம், 4/σ = 2.8.

காரணம் ஃபேஸ். ஃபில்டர் இல்லாத லூப்பின் கெயின் 1 ஆகும் இடம் 3.68 ரேடியன்/விநாடி. அங்கே ஃபேஸ் மார்ஜின் 47 டிகிரி. ஃபில்டர் அதே இடத்தில் 10 டிகிரியைத் தின்றுவிடுகிறது, 37 ஆகிவிடுகிறது. மார்ஜினை 100-ஆல் வகுத்தால் தோராயமாக ζ என்ற கணக்குப்படியும் 0.47-இலிருந்து 0.37-க்கு இறங்குகிறது. மேலே வந்த எண்களோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

---

மீனா.மு

ஏத்துக்கறேன். ஆனா பரீட்சையில் மூணாம் படிச் சமன்பாட்டைக் கையால் தீர்க்கச் சொல்வாங்களா?

---

வரைகோடு

மெய்மூலம் ஃபில்டரின் போலுக்கு அருகில் இருக்கும் என்று தெரிந்தால் −20-இல் தொடங்கி ஓரிரு முறை மாற்றிப் பார்த்தாலே போதும். −21 போட்டால் +43 வரும், −21.2 போட்டால் −37.6 வரும். நடுவில்தான் இருக்கிறது.

---

தர்ஷி_யாழ்

ஆருக்காவது உதவும் எண்டு சொல்லுறன். `feedback` பாவிக்காமல் `T = G/(1+G*H)` எண்டு அடிச்சால் மேட்லேப் பொதுப் போல்களை வெட்டாது. மூண்டாம் ஆர்டர் லூப்புக்கு அஞ்சாம் ஆர்டர் விடை வந்து நிக்கும், `damp` பட்டியலில் s = 0, s = −4 எண்டு இல்லாத போல்களும் வரும். `minreal(T)` போட்டால் போயிடும்.

---

சர்வோகாரர்

இதெல்லாம் சரி. ஆனா ஸ்டெப் கொடுத்த முதல் கணத்துல ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் கேக்குது. எங்க கிட்ட இருக்கறது 12 வோல்ட் சப்ளை. அப்போ உங்க 20.8 சதவீதம் நிக்குமா? கூடும்னுதான் நான் சொல்வேன், சாச்சுரேஷன் வந்தா எப்பவும் ஓவர்ஷூட் கூடும்.

---

வரைகோடு

"எப்பவும்" இல்லை. கன்ட்ரோலரில் இன்டெக்ரல் இருந்தால், சாச்சுரேஷனில் அது பிழையைச் சேர்த்துக்கொண்டே போய் ஓவர்ஷூட்டைக் கூட்டும். இங்கே 1/s என்பது மோட்டாரின் நிலை, கன்ட்ரோலரின் இன்டெக்ரல் இல்லை. சேர்ந்துகிடக்க எதுவும் இல்லை.

ஃபில்டரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மோட்டாருக்குப் போகும் சிக்னல் 20 e^(−2t) cos 4t. அது 12-க்கு மேல் இருப்பது முதல் 0.15 விநாடி மட்டும். அந்தத் துண்டில் கெயின் குறைந்தது போல நடக்கும். தோராயமாக 0.6 மடங்கு என்று வைத்தால் K, Kt இரண்டும் சேர்ந்தே குறைந்து s²+3.2s+12, ζ = 0.46. ஓவர்ஷூட் கூடாது, சற்றே குறையலாம். நேரம்தான் நீளும்.

---

பிளஸ்_மைனஸ்

சாச்சுரேஷனை ஒரு நிலையான கெயினாக வைப்பது எனக்கு உறுத்துகிறது. முதல் 0.15 விநாடிக்கு மட்டும் இருக்கும் ஒன்றை முழு அலைக்கும் 0.6 என்று எப்படி வைக்கிறீர்கள்? தவிர, டேகோ சிக்னல் சாச்சுரேட் ஆகும் கட்டத்துக்கு முன்னால் சேர்கிறதா, பின்னால் சேர்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். படத்தில் ஆம்ப்ளிஃபையர் 20, டேகோ அதற்குப் பின்னால் சேர்கிறது. 20 பெட்டியே 12-இல் முட்டினால் டேகோ குறையாமல் முழுசாக வரும், உங்கள் Kt சுருங்காது.

---

வரைகோடு

இரண்டாவது புள்ளி சரி, நான் சாச்சுரேஷனை மோட்டார் முனையில் வைத்துப் பேசினேன். 20 பெட்டியிலேயே முட்டினால் K மட்டும் சுருங்கும், s²+4s+12, ζ = 0.58. ஓவர்ஷூட் இன்னும் குறையும் பக்கமே போகிறது. 0.6 என்பது அளவைச் சொல்ல உதவாது, திசையை மட்டும் சொல்லும். அளவு வேண்டுமானால் சிமுலிங்க்கில் ±12 சாச்சுரேஷன் பெட்டியை இரண்டு இடங்களிலும் மாற்றி மாற்றி வைத்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

---

சர்வோகாரர்

ஓட்டுங்க. 5 அலகு ஸ்டெப்புக்கும் சேர்த்து ஓட்டுங்க, அப்போ 100 வோல்ட் கேக்கும். எங்க மெஷின்ல ஆடுறது பெரிய நகர்வுலதான்.

---

தர்ஷி_யாழ்

இரவைக்கு ஓட்டிப் போட்டு வரைபடத்தை இங்கையே போடுறன். ஃபில்டர் உள்ளது, இல்லாதது ரெண்டுக்கும். குறி மைனஸ் எண்டே வச்சுக்கொள்ளுறன், அழிச்ச தடத்தில என்ன இருந்தது எண்டு ஆராவது கண்டுபிடிச்சால் சொல்லுங்கோ.